காகிதம் யார் பெயரில் இருக்கிறது? பெங்களூரு விமான நிலையத் தரைப்பணி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்தில் தரைப்பணி நடத்தும் நிறுவனங்களின் பயிற்சிப் பிரிவு, எச்.ஆர். பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும், அவர்களை மேற்பார்வையிடும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கும்,

வணக்கம்.

விமானங்களை நிறுத்தி ஏற்றி இறக்கும் ராம்ப்பில் நான் பதினான்கு வருஷமாக வேலை செய்கிறேன். லோடராகச் சேர்ந்தேன், பிறகு விமானத்தைத் தள்ளும் டக் வண்டி ஓட்டினேன், இப்போது ஷிஃப்ட் சூப்பர்வைசர். ஊர் ஊத்தங்கரைப் பக்கம், குடியிருப்பது தேவனஹள்ளியில். எங்கள் ஷிஃப்ட்டில் கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர்ப் பையன்கள் அதிகம். இந்த மடலைத் தமிழில் எழுதக் காரணம் அவர்களும் படிக்க வேண்டும் என்பதுதான். உங்கள் அலுவலகங்களிலும் தமிழ் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு நீங்கள் சொல்லிவிடுங்கள்.

என் அக்கா மகன் ஒரு ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட வந்தால் பேச்சு எப்படியோ வேலையில்தான் போய் நிற்கும். ஒருநாள் சாப்பாடு முடிந்ததும், புதுப்பிக்க வேண்டிய தேதிகள் அவனுக்கு எத்தனை, எனக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்தோம். அவனுக்கு மெடிக்கல் ஒன்று. சர்வதேச விதிப்படி கன்ட்ரோலருக்கான மூன்றாம் வகுப்பு மெடிக்கல் நாற்பது வயது வரை 48 மாதம், அதற்கு மேல் 24 மாதம் செல்லும். ஆங்கிலத் திறன் நான்காம் நிலையில் இருந்தால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திரும்பத் தேர்வு. அவன் உட்காரும் இருக்கையில் வேலை செய்வதற்கான தகுதியை ரேட்டிங் என்பார்கள், அதற்குத் தனியாகத் திறன் சோதனை. வேலையிலிருந்து தொடர்ந்து விலகி இருந்தால் அதிகபட்சம் ஆறு மாதத்தில் அந்த ரேட்டிங்கும் போய்விடும். பிறகு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க, வேலை செய்து காட்டித்தான் திரும்ப வாங்க முடியும்.

என் பட்டியலும் சின்னது இல்லை. விமான நிலைய நுழைவு பாஸ், விமானங்கள் நடமாடும் ஏர்சைடு பகுதியில் வண்டி ஓட்ட அனுமதி, அதற்கான மெடிக்கல், பாதுகாப்புப் பயிற்சி, அபாயப் பொருள் பயிற்சி (நாங்கள் டி.ஜி. கிளாஸ் என்போம்), ஒவ்வொரு விமானக் கம்பெனியும் தன் பங்குக்கு நடத்தும் வகுப்பு. எண்ணிக்கையில் நான் அவனை ஜெயித்துவிட்டேன்.

அப்போது அவன் கேட்டான்: "மாமா, இதுல எது உங்க பேர்ல இருக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. கன்ட்ரோலருடையது லைசென்ஸ். அவன் பெயரில் இருக்கிறது, அவனோடு போகும். தரைப்பணியில் இருப்பவர்களுக்கு லைசென்ஸ் என்று ஒன்றே கிடையாது. பணியாளர் உரிமங்களைப் பற்றி, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் முதல் இணைப்பில் விமானி வருகிறார், பராமரிப்புப் பொறியாளர் வருகிறார், கன்ட்ரோலர் வருகிறார். விமானத்தைப் பின்னால் தள்ளிவிடும் டக் டிரைவரும், வயிற்றுப் பகுதியில் மண்டி போட்டுப் பெட்டி அடுக்கும் லோடரும் வருவதில்லை. எங்கள் பாஸ் கம்பெனி கேட்டு வாங்கித் தருவது, வேலையை விட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதில் எனக்கு மனக்குறை இல்லை, பாதுகாப்பு விஷயம். ஆனால் நாங்கள் உட்கார்ந்து படித்து எழுதித் தேறிய பயிற்சியும் கம்பெனியின் பீரோவுக்குள்ளேயே தங்கிவிடுகிறதே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

என் சித்தப்பா மகன் கதையைச் சொல்கிறேன். அவன் லோடர். 2024 மார்ச்சில் பழைய கம்பெனியில் டி.ஜி. வகுப்பு முடித்தான். அது 24 மாதம் செல்லும், அதாவது 2026 மார்ச் கடைசி வரை. 2025 செப்டம்பரில் அந்தக் கம்பெனியின் கையிலிருந்து ஒரு விமானக் கம்பெனியின் ஒப்பந்தம் போனது, ஆட்களைக் குறைத்தார்கள். அதே விமான நிலையத்தில், அதே ராம்ப்பில், நாலு விமான நிறுத்துமிடம் தள்ளி இன்னொரு கம்பெனியில் சேர்ந்தான். புதிய இடத்தில் பழைய பயிற்சிக்கு ஆதாரம் கேட்டார்கள். பழைய கம்பெனிக்குப் போய்க் கேட்டான். "அது கம்பெனி ரெக்கார்ட், வெளியே தர மாட்டோம். நீ இப்போ எங்க எம்ப்ளாயியும் இல்லை" என்று எச்.ஆரில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஆதாரம் இல்லாதவன் புது ஆள்தானே? எல்லாம் முதலிலிருந்து. பாஸ் வரும்வரை வாசலுக்கு வெளியே, வந்த பிறகு வகுப்புக்கு மேல் வகுப்பு. ராம்ப்பில் கால் வைக்கப் பத்தொன்பது நாள் ஆனது. அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது, "ஜாயினிங் வேலையில் இறங்கும் தேதியிலிருந்துதான்" என்றார்கள். நாளுக்கு எண்ணூறு ரூபாய் என்று வைத்தாலும் பதினைந்தாயிரத்துக்கு மேல். தீபாவளி மாதம் வேறு. ஊருக்குப் போகாமல் சிக்கஜாலாவில் அறையிலேயே படுத்துக் கிடந்தான்.

இதில் நியாயமான பகுதியும் உண்டு. பாஸ் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். புது கம்பெனியின் பெட்டி ஏற்றும் பெல்ட் லோடர் வண்டி வேறு மாதிரியாக இருந்தால் அதை ஓட்டிக் காட்டத்தான் வேண்டும். அவர்கள் கையாளும் விமானக் கம்பெனியின் வழிமுறையைப் படிக்கத்தான் வேண்டும். ஒருவன் வேலை தெரிந்தவன் என்பதற்குப் பொறுப்பேற்பது அவனை வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனி. சும்மா ஒரு சான்றிதழை நம்பி இறக்கிவிடச் சொல்லவில்லை. ஆனால் அவன் எதில் பயிற்சி பெற்றான், எதில் சோதிக்கப்பட்டான் என்ற பதிவு கையில் இருந்தால் விட்டுப்போனதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். ஒன்றும் இல்லாதபோதுதான் எல்லாவற்றையும் திரும்பச் சொல்லவேண்டி வருகிறது.

இனி விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இதை நான் கண்டுபிடித்தது எங்கள் வகுப்பறை அலமாரியில் கிடந்த, விமானக் கம்பெனிகளின் சங்கமான ஐயாட்டாவின் டி.ஜி.ஆர். என்னும் அபாயப் பொருள் விதிப் புத்தகத்தில், ஐந்தாறு டீ குடித்து. அபாயப் பொருள் பயிற்சிப் பதிவை, கடைசியாகப் பயிற்சியும் மதிப்பீடும் முடிந்த மாதத்திலிருந்து குறைந்தது 36 மாதம் நிறுவனம் வைத்திருக்க வேண்டும். அதில் ஆளின் பெயர், முடித்த மாதம், எந்தப் பாடத்தை வைத்து நடத்தினார்கள், நடத்திய அமைப்பின் பெயரும் முகவரியும், தேறினார் என்பதற்கான சான்று, இத்தனையும் இருக்க வேண்டும். அதற்கு அடுத்த வரிதான் முக்கியம்: கேட்டால் பணியாளருக்கும் காட்ட வேண்டும், அரசுத் துறைக்கும் காட்ட வேண்டும். பயிற்சி செல்வது 24 மாதம், பதிவைக் காப்பது 36 மாதம். அப்படியானால் என் தம்பி போய்க் கேட்ட அன்று அவன் பதிவு அந்த பீரோவில் இருந்திருக்கிறது. இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வேறு பிரச்சினை.

"இப்போ எங்க எம்ப்ளாயி இல்லை" என்ற பதிலில் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். விதியில் இருக்கும் சொல் பணியாளர். விலகியவர் பணியாளரா என்று வாதாடலாம். அதனால் பையன்களுக்கு நான் சொல்வது இதுதான்: ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன்பே, பணியாளராக இருக்கும்போதே, மெயிலில் எழுதிக் கேட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் நான் கேட்பது, அந்த நகலைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள் என்பது. வகுப்பு முடிந்த அன்றே ஒன்று, வேலையை விடும் நாளில் கடைசிச் சம்பளக் கணக்கோடு ஒன்று. பி.எஃப். எண்ணைக் கொடுத்து அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

இன்னொரு கணக்கும் அதே புத்தகத்தில் இருக்கிறது. பயிற்சி முடியப்போகும் கடைசி மூன்று மாதத்துக்குள் ரெஃப்ரெஷர் செய்தால், புதிய 24 மாதம் பழைய முடிவு மாதத்திலிருந்து எண்ணப்படும். அதற்கும் முன்னால் செய்தால், செய்த மாதத்திலிருந்தே எண்ணிக்கை தொடங்கிவிடும். என் தம்பிக்கு 2026 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் இந்த மூன்றில் எப்போது வகுப்பு வைத்திருந்தாலும் 2028 மார்ச் வரை ஓடியிருக்கும். 2025 அக்டோபரில் முதலிலிருந்து செய்ய வைத்ததால் 2027 அக்டோபரோடு முடிகிறது. ஐந்து மாதம் காற்றில் போனது. அவனுக்கு மட்டும் இல்லை, அவனுக்கு வகுப்பு நடத்தும் செலவை ஐந்து மாதம் முன்னால் இழுத்துக்கொண்ட கம்பெனிக்கும் நட்டம்.

இந்த மூன்று மாத விஷயம் பயிற்சிப் பிரிவில் இருப்பவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் எங்கள் இடத்தில் என்ன நடக்கிறது? ரோஸ்டர் போடுபவர் ஆளை விடமாட்டார், பயிற்சிப் பிரிவு நினைவூட்டிக்கொண்டே இருக்கும். கடைசி மாதத்தின் கடைசி வாரத்தில் முப்பத்தைந்து பேரை ஒரே அறையில் அடைப்பார்கள், அதில் பாதிப்பேர் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவர்கள். அன்று காய்ச்சலில் படுத்தவன் மறுநாள் மாதம் பிறந்ததும் ரோஸ்டரிலிருந்து காணாமல் போவான். அடுத்த வகுப்பு வரும்வரை அவனுக்கு ஷிஃப்ட் இல்லை. மூன்று மாதச் சன்னல் திறந்திருக்கிறது என்றால் முதல் மாதத்திலேயே கூப்பிடுங்கள். அப்போது காய்ச்சல்காரனுக்கு இன்னும் இரண்டு மாதம் கையில் இருக்கும்.

நிரம்பி வழியும் அந்த அறையில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபது கேள்வி, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தாள் ஆங்கிலத்தில். நேரம் போதவில்லை என்றதும் பயிற்றுநர் பின்பக்கம் பார்த்தபடி "ஒன்பதாவதுக்கு சி" என்று பொதுவாகச் சொல்வார். எல்லோரும் தேறிவிடுவோம். நானும் அப்படித் தேறியிருக்கிறேன்.

2023 ஜனவரியிலிருந்து டி.ஜி. பயிற்சி, ஆள் செய்யும் வேலைக்கு ஏற்றபடி இருக்க வேண்டும், செய்யத் தெரிகிறதா என்று மதிப்பிட வேண்டும் என்று ஆகிவிட்டது. லோடருக்கு அது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். இரண்டரை மணி, பயணிகள் விமானம், சரக்கு டாலி தாமதமாக வந்தது. பெல்ட்டில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒரு அட்டைப்பெட்டி ஏறும்போது கீழே நின்ற பையன் சட்டென்று பெல்ட்டை நிறுத்தினான். பெட்டியின் பக்கவாட்டில் ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு எழுத்து லேபிள், பாதியை ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் மூடியிருந்தது. "கார்கோ ஏர்கிராஃப்ட் ஒன்லி." சரக்கு விமானத்தில் மட்டும்தான் போகலாம், பயணிகள் விமானத்தில் போகவே கூடாது. அவன் எட்டாவதோடு நிறுத்தியவன், ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். அந்த லேபிளை அவன் படிக்கவில்லை, நிறத்தாலும் உருவத்தாலும் அடையாளம் கண்டான். பெட்டியைத் திருப்பி அனுப்பினோம், விமானம் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பியது, அறிக்கை எழுதினேன்.

அவனைச் சோதிக்க வேண்டிய முறை அதுதான். ஒரு மேஜையில் பத்துப் பெட்டியை வையுங்கள். லேபிள் மறைந்தது, மூலை நசுங்கி ஈரம் கசிந்தது, அம்புக்குறி தலைகீழாக இருப்பது, ஒன்றும் ஆகாத சாதாரணப் பெட்டி என்று கலந்து வைத்து, எதை ஏற்றுவாய், எதை நிறுத்துவாய், யாரைக் கூப்பிடுவாய் என்று கேளுங்கள். தமிழிலோ கன்னடத்திலோ இந்தியிலோ பதில் சொல்லட்டும். அந்தப் பதிலைப் பதிவில் எழுதுங்கள். அப்படிப்பட்ட பதிவு அடுத்த கம்பெனிக்குப் போனால் அதற்கு மதிப்பு இருக்கும். "ஒன்பதாவதுக்கு சி" போட்டவன் பதிவை அடுத்த கம்பெனி நம்பாமல் போனால் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை.

மெடிக்கலுக்கு வருகிறேன். இதில் ஒன்றே ஒன்றுதான், நிறப் பார்வை.

எங்கள் ஷிஃப்ட்டில் ஒன்பது வருஷமாகப் புஷ்பேக் டக் ஓட்டியவர் ஒருவர். போன மெடிக்கலில் புள்ளிப் படங்களைக் காட்டினார்கள், நிறநிறப் புள்ளிகளுக்கு நடுவே எண் தெரியுமே, அந்த இஷிஹாரா புத்தகம். மாலை ஆறரை மணி, போர்ட்டகேபின் அறை, மஞ்சள் பல்பு. நர்ஸம்மா அவசரத்தில் பக்கம் புரட்டினார். டிரைவர் சிலவற்றில் தடுமாறினார், "அன்ஃபிட்" என்று எழுதிவிட்டார்கள். மறுநாள் டக்கிலிருந்து இறக்கி லோடிங்கில் போட்டார்கள். ஓட்டுநர் அலவன்ஸ் போனது. தன் செலவில் கண் ஆஸ்பத்திரிக்குப் போய், பகல் வெளிச்சத்தில் அதே படங்களை எல்லாம் சரியாகப் படித்து, சான்றிதழ் கொண்டுவந்து, திரும்ப டக்கில் ஏற ஐந்து வாரம் ஆனது.

அந்தச் சோதனைக்கு முறை உண்டு. புத்தகம் கண்ணிலிருந்து சுமார் 75 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், ஒரு படத்துக்கு மூன்று விநாடி, வெளிச்சம் பகல் வெளிச்சமாக இருக்க வேண்டும். மஞ்சள் பல்பு நிறங்களைத் தடுமாற வைக்கும். புத்தகமும் வெயில்பட்டு, விரல்பட்டு வெளுத்துப்போகும். முதல் படத்தில் வரும் 12 எல்லோருக்கும் தெரியும், சிவப்பு பச்சை பிரித்தறியாதவருக்கும் தெரியும். பிறவியிலேயே குறை உள்ளவர் இரண்டாவது படத்தில் 8 இருக்கும் இடத்தில் 3 என்பார், அடுத்த வருஷம் கேட்டாலும் 3 என்றுதான் சொல்வார். பிறவிக் குறை மாறாது. ஒன்பது வருஷம் சரியாகப் படித்தவர் திடீரென்று தடுமாறினால் இரண்டில் ஒன்று: சோதனை சரியில்லை, அல்லது கண்ணில் புதிதாக ஏதோ நோய் தொடங்கியிருக்கிறது. எதுவானாலும் அன்றைக்கு அவருக்குத் தேவை கண் டாக்டர். கிடைத்தது இடமாற்ற உத்தரவு.

கன்ட்ரோலருக்கு இந்த இடத்தில் விதி எழுதியே வைத்திருக்கிறது. படங்களைப் பகல் ஒளியில் அல்லது அதே தன்மையுள்ள விளக்கில்தான் காட்ட வேண்டும். அதில் தேறாவிட்டாலும் கதை முடியாது. விமானப் போக்குவரத்தில் பயன்படும் நிறங்களைப் பிரித்தறிய முடிகிறதா, வண்ண விளக்குகளைச் சரியாகச் சொல்கிறாரா என்று இரண்டாவது சோதனை. அதில் தேறினால் தகுதி உண்டு. டக் டிரைவருக்கும் இதே நிறங்கள்தான் வேண்டும்: டாக்ஸிவே ஓரத்து நீலம், நடுக்கோட்டுப் பச்சை, நில் என்னும் சிவப்பு. அக்கா மகனுக்கு இருக்கும் அந்த இரண்டாவது கதவை டக் டிரைவருக்கும் திறந்து வையுங்கள், அதுவரை அலவன்ஸைப் பிடிக்காதீர்கள். நிஜமாகவே நிறம் தெரியாதவரை ஓட்டவிடச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் நிற்கும் ஆள் நான்தான், முதல் அடி எனக்குத்தான் விழும்.

தலைமை இயக்குநரகத்துக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் 2025 மார்ச்சில் தரைப்பணிக்கென்றே தனி ஒழுங்குமுறை வெளியிட்டு, 2028 மார்ச்சிலிருந்து அமலுக்கு வரும் என்று நாள் குறித்துவிட்டார்கள். இங்கே எங்களுக்கு லைசென்ஸ் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு ஒரு தேர்வு, அதற்கு ஒரு கட்டணம், அதற்கு ஒரு புரோக்கர் என்று போய்விடுமோ என்ற பயம் எனக்கே உண்டு. தணிக்கைக்கு வரும்போது பயிற்சிக் கோப்பைப் புரட்டுகிறீர்கள் அல்லவா? அன்று இரண்டு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். போன வருஷம் விலகிய பத்துப் பேரின் பதிவு எங்கே? அதன் நகல் அவர்களுக்குக் கொடுத்ததற்குக் கையெழுத்து எங்கே?

என்னுடைய டி.ஜி. 2026 ஆகஸ்ட் கடைசியில் முடிகிறது. ஜூன் மாதம் வகுப்பில் உட்கார வையுங்கள், முடிந்ததும் பதிவின் நகலைக் கையில் கொடுங்கள் என்று என் கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறேன். மெயிலின் தலைப்பில் என் பணியாளர் எண்ணையும் எழுதியிருக்கிறேன், நான் இன்னும் எம்ப்ளாயிதான் என்பது தெரியட்டும் என்று.

இப்படிக்கு,
ஒரு ராம்ப் சூப்பர்வைசர்,
தேவனஹள்ளி